18 பாகையிலும் 30 பாகையிலும் ஒரே வைரஸ்: கொசுவுக்குள் ஓடும் கடிகாரம்

1999 ஆகஸ்ட் மாத இறுதியில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மூளையழற்சியோடு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று சொல்லப்பட்டது. அதே வாரங்களில் நகரமெங்கும் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அது வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரியவந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அந்த வைரஸ் காணப்பட்டது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு நியூயார்க்கில் 62 பேருக்கு நோய் உறுதியானது. 7 பேர் இறந்தார்கள்.

நோயாளிகள் குவிந்தது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான். கொசுவோ மே மாதத்திலிருந்தே பறந்துகொண்டிருக்கும். இந்த இடைவெளியில் பல காரணங்கள் கலந்திருக்கின்றன. பறவைகளுக்குள் வைரஸ் பெருகிச் சேரவும் காலம் வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது அவற்றில் ஒன்றை மட்டும்: வைரஸை உறிஞ்சிய கொசு அதைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது, வெப்பநிலை மாறினால் அந்த நாள்கணக்கு எப்படி மாறுகிறது. கணக்கு சின்னதுதான். ஆனால் அதைத் தப்பாகப் போட வழிகள் நிறைய.

இரண்டு சொற்கள், இரண்டு அளவுகள்

நோயுற்ற பறவையின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் நடுக்குடலில் வைரஸ் போய் விழுகிறது. அங்கிருந்து அது குடலின் சுவரைத் தொற்ற வேண்டும். சுவரைத் தாண்டி உடல் குழிக்குள் பரவ வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியைத் தொற்ற வேண்டும். கடைசியாக உமிழ்நீரில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடை இருக்கிறது. சில கொசுக்களில் வைரஸ் குடலோடு நின்றுவிடும். சிலவற்றில் உடல் முழுக்கப் பரவியும் உமிழ்நீருக்கு வராது.

எல்லாத் தடைகளையும் தாண்டி நோயைக் கடத்தக்கூடிய கொசுக்கள் நூற்றுக்கு எத்தனை என்பது கடத்துதிறன். தாண்டி முடிக்க எத்தனை நாள் பிடிக்கிறது என்பது வெளி அடைகாலம். மனித உடலுக்குள் நோய் அரும்பும் காலத்தோடு இதைக் குழப்பக் கூடாது. இது முழுக்கக் கொசுவுக்குள் நடப்பது. முதலாவது ஓர் உச்சவரம்பு. இரண்டாவது ஒரு வேகம். இரண்டையும் வெப்பநிலை மாற்றுகிறது. குளிரான சூழலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே கடினம் என்பதைச் சற்றுக் கழித்துப் பார்க்கலாம்.

சோதனை எப்படி நடக்கிறது

கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் பெண் கொசுக்களை, கூட்டிலிருந்து வெளிவந்த முதல் வாரத்துக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரைக் கரைசலை ஒரு நாள் முன்பே எடுத்துவிட வேண்டும்; வயிறு நிறைந்த கொசு ரத்தம் குடிக்காது. வைரஸ் கலந்த ரத்தத்தை மெல்லிய சவ்வுக்கு மேலே ஊற்றி 37 பாகை செல்சியஸில் வைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் குடிக்க விடுகிறார்கள். பிறகு குளிரிலோ கரியமில வாயுவிலோ மயக்கி, வயிறு சிவந்து முழுதாகப் புடைத்தவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். அரைவயிறு குடித்தவற்றைச் சேர்த்தால், குறைந்த அளவு வைரஸ் போனதால் தொற்றாதவையும் தடையால் தொற்றாதவையும் ஒன்றாகிவிடும்.

குடித்தது எவ்வளவு என்பதை உடனே அளந்துவிட வேண்டும். மீதமிருக்கும் ரத்தத்தையும் அப்போதுதான் குடித்த சில கொசுக்களையும் செல் வளர்ப்பில் சோதிக்கிறார்கள். ரத்தம் சவ்வின் மேல் சூடாக இருந்த ஒரு மணி நேரத்தில் வைரஸின் ஒரு பகுதி செத்திருக்கலாம். புட்டியில் எழுதிய எண்ணை நம்பிப் பிறகு விழித்தவர்கள் உண்டு. அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நோயுற்ற காகத்தின் ரத்தத்தில் வைரஸ் மிக அடர்த்தியாக இருக்கும், ராபின் போன்ற பறவைகளில் அவ்வளவு இருக்காது. காகத்துக்குரிய அளவைக் கொடுத்துவிட்டு ராபின் மிகுந்த ஊருக்கு முடிவு சொன்னால் கடத்துதிறன் உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

அடுத்து, கொசுக்களைப் பல வெப்பநிலை அறைகளில் பிரித்து வைக்கிறார்கள். ஈரப்பதம் 70 முதல் 80 விழுக்காடு, உணவுக்குச் சர்க்கரைக் கரைசல் நனைத்த பஞ்சு. சில நாள்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் அறையிலிருந்தும் 20, 30 கொசுக்களை எடுத்து மூன்று பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். உடலில் வைரஸ் இருந்தால் தொற்றியிருக்கிறது. கால்களில் இருந்தால் குடலைத் தாண்டிப் பரவியிருக்கிறது. காலுக்கும் குடலுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதால்தான் காலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறிஞ்சுகுழலை ஒரு நுண்குழாய்க்குள் செருகி அரைமணி நேரம் உமிழ வைத்து, அந்த நீரில் வைரஸ் இருந்தால் கடத்தக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் அதுவே மூன்றிலும் பலவீனமானது. இறக்கை, கால் பிய்க்கப்பட்ட கொசு சில வேளை உமிழவே உமிழாது. அப்போது 'வைரஸ் இல்லை' என்ற முடிவுக்கு 'உமிழ்நீரே இல்லை' என்றுதான் பொருள். எனவே இந்த முறை கடத்துதிறனைக் குறைத்துக் காட்டும் பக்கமே சாய்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் சாய்வது, முழுக் கொசுவையும் அரைத்து வைரஸின் மரபணுவைத் தேடி, கிடைத்ததும் 'இது நோய்க்கடத்தி' என்று எழுதிவிடுவது. நேற்றுக் குடித்த ரத்தத்திலேயே அந்த மரபணு இருக்கும். முழுக் கொசு அரைப்பை மட்டும் வைத்துக் கடத்துதிறன் பேசும் அறிக்கையைப் படிக்கவே நேரம் செலவிட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: விழுக்காட்டுக்கு அடியில் இருக்கும் எண். 50 கொசு குடித்து, 40 தொற்றி, 20-இல் வைரஸ் பரவியது என்றால் பரவல் 40 விழுக்காடா, 50 விழுக்காடா? இரண்டும் வழக்கில் உண்டு. குடித்தவை எல்லாவற்றுக்கும் எதிராக எண்ணினால் 40, தொற்றியவற்றுக்கு எதிராக எண்ணினால் 50. இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும் முன் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

நியூயார்க் வைரஸ் காட்டியது

1999-இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த வைரஸை வைத்து, நியூயார்க்கின் கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் கொசுக்களில் 18, 20, 26, 30 பாகைகளில் ஒரு சோதனை நடந்தது. 2002-இல் வெளியானது. 30 பாகையில் வைத்தவற்றில் 4-ஆம் நாளிலேயே வைரஸ் உடலெங்கும் பரவிய கொசுக்கள் கிடைத்தன. 12 நாள் கடந்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் பரவியிருந்தது. 18 பாகையில் 25-ஆம் நாள் வரை ஒன்றில்கூடப் பரவலில்லை. 28 நாள் காத்திருந்தும் 30 விழுக்காட்டைத் தொடவில்லை.

30 பாகையின் 90 விழுக்காட்டையும் 18 பாகையின் 30 விழுக்காட்டையும் அருகருகே வைத்து, 'குளிரில் கடத்துதிறன் மூன்றில் ஒரு பங்காகிறது' என்று எழுதினால் தவறு. 30 பாகையில் எண்ணிக்கை மேலேறிச் சமதளத்துக்கு வந்துவிட்டது. அதனால் அதை உச்சவரம்பு என்று கொள்ளலாம். 18 பாகையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே சோதனை முடிந்துவிட்டது. அங்கே 30 விழுக்காடு உச்சவரம்பா, அல்லது பாதி வழியில் எடுத்த படமா என்று தரவை வைத்துப் பிரிக்க முடியாது. குளிரில் கடத்துதிறனும் வெளி அடைகாலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இப்படித்தான். 14-ஆம் நாள் ஒரே ஒருமுறை எண்ணிவிட்டு எல்லா வெப்பநிலைகளையும் ஒப்பிடும் ஆய்வுகளில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். அங்கே அளக்கப்படுவது முழுக்க வேகமே, ஆனால் பெயர் கடத்துதிறன்.

நாள் கணக்கு

மேற்கு அமெரிக்காவின் முக்கியக் கடத்தியான கியூலெக்ஸ் டார்சாலிஸில் இதே வைரஸை வைத்து 2006-இல் வெளியான ஆய்வு ஒரு கைக்கணக்கைத் தந்தது. 14.3 பாகைக்குக் கீழே வைரஸ் வளர்ச்சி நடைமுறையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு பாகையும் ஒவ்வொரு நாளும் ஒரு பாகை-நாளாகச் சேரும். 109 பாகை-நாள் சேர்ந்தால் பாதிக் கொசுக்கள் கடத்தும் நிலைக்கு வந்துவிடும். அதற்கு ஆகும் நாள்கள் EIP50, வெப்பநிலை T என்றால்:

`EIP50 = 109 / (T − 14.3)`

18 பாகையில் இது 29.5 நாள், 20-இல் 19.1, 22-இல் 14.2, 26-இல் 9.3, 30-இல் 6.9. வேறு இனக் கொசுவுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. இங்கே இதை மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது இதோடு கொசுவின் ஆயுளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் 100 கொசுவில் 85 பிழைத்திருக்கும் என்று வைப்போம். தொற்றிய 1000 கொசுக்களில் வெளி அடைகாலம் முடியும்வரை உயிரோடு இருப்பவை 18 பாகையில் 8, 20-இல் 45, 22-இல் 100, 26-இல் 220, 30-இல் 324. 18-இலிருந்து 20-க்குப் போனபோது எண்ணிக்கை ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. 26-இலிருந்து 28-க்குப் போனால் 220 என்பது 274 ஆகும், கால் பங்குதான் கூடுதல். அதே இரண்டு பாகைதான். எனவே 'இரண்டு பாகை கூடினால் அபாயம் எவ்வளவு கூடும்' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது; எங்கிருந்து இரண்டு பாகை என்று கேட்க வேண்டும். குளிர் எல்லையில் இருக்கும் ஊர்களுக்குத்தான் அந்த இரண்டு பாகை பெரிது.

வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அபாயமும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. கொசுவும் சூட்டில் சீக்கிரம் சாகிறது. 30 பாகையில் அதன் தினசரிப் பிழைப்பு 85-இலிருந்து 80-க்கு இறங்குகிறது என்று வைத்தால், 324 என்பது 212 ஆகிவிடும். அதோடு, தப்பியவை கடிக்கக் கிடைக்கும் மீத நாள்களும் சராசரி 6.2-இலிருந்து 4.5-க்குக் குறையும். இரண்டையும் பெருக்கினால் 26 பாகையில் 1000 கொசுவுக்கு ஏறக்குறைய 1350 ஆபத்தான கொசு-நாள், 30 பாகையில் 950. வைரஸ் வேகமாக வளர்ந்தும் அபாயம் இறங்கிவிட்டது. இந்த 85, 80 இரண்டும் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் வளைவின் வடிவம் உண்மையானது: வெஸ்ட் நைல் போன்ற மிதவெப்பப் பகுதி வைரஸ்களுக்குக் கடத்தலின் உச்சம் 23 முதல் 26 பாகைக்குள் விழுகிறது என்று பல பண்புகளைச் சேர்த்த 2020 ஆய்வு காட்டியது. ஏடிஸ் எகிப்தி பரப்பும் டெங்குவுக்கு உச்சம் 29 பாகை அருகில். ஒரு நோயின் உச்சத்தை இன்னொன்றுக்குக் கடன் வாங்க முடியாது.

கணக்கின் இரண்டு பகுதிகளில் ஆயுள் சற்று மாறினாலே விடை பெரிதாக மாறிவிடும், அளக்க மிகக் கடினமானதும் அதுதான். ஆய்வகக் கூண்டில் பட்டினியோ பறவையோ சிலந்தியோ இல்லை. அங்கே கொசு வாரக்கணக்கில் வாழும். கூண்டு ஆயுளைச் சூத்திரத்தில் போட்டால் 18 பாகையிலும் தொற்று பரவுவதாக வரும். வெளி அடைகாலத்தை அடுக்குக்குறியில் வைக்கும் சூத்திரம் என்பதால், தினசரிப் பிழைப்பில் 5 புள்ளி பிழை விடை முழுவதையும் புரட்டிவிடும்.

சராசரி வெப்பநிலை எங்கே ஏமாற்றுகிறது

சோதனை அறையில் வெப்பம் ஆடாமல் நிற்கும். வெளியே பகலில் 26, விடியலில் 10 என்று ஆடும், சராசரி 18. சராசரியைச் சூத்திரத்தில் போட்டால் 29.5 நாள். ஆனால் 14.3-க்குக் கீழே போகும் நேரத்தில் வைரஸ் நின்றுதான் போகிறது, பின்னோக்கிப் போவதில்லை. மேலே இருக்கும் நேரம் முழுக்கச் சேர்கிறது. அலைவடிவில் ஆடுவதாக வைத்து மணிக்கணக்காகக் கூட்டினால் ஒரு நாளைக்கு 3.7-க்குப் பதில் 4.67 பாகை-நாள் சேரும். 23.3 நாளில் முடிந்துவிடும். ஆறு நாள் வித்தியாசம். அதே 85 விழுக்காட்டுப் பிழைப்பில், கடந்துவருபவை 1000-க்கு 8 அல்ல, 23.

ஆகவே மணிவாரி வெப்பநிலை கிடைத்தால் அதையே கூட்ட வேண்டும்:

```python
need, base = 109.0, 14.3
total = 0.0
for h, t in enumerate(hourly_temps, 1):
    total += max(0.0, t - base) / 24
    if total >= need:
        print(h / 24)
        break
```

பட்டியலின் முதல் மணி, கொசு நோயுற்ற ரத்தம் குடித்த மணி. பயிர்ப் பூச்சிக் கணக்கில் பழகியவர்கள் இங்கே ஜனவரி 1-இலிருந்து கூட்டத் தொடங்கிவிடுவார்கள். அது வேறு கேள்விக்கான கணக்கு. இங்கே ஜூன் 10-இல் குடித்த கொசுவுக்கு ஒரு கடிகாரம், ஜூன் 11-இல் குடித்ததற்கு இன்னொன்று. ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஓட்டிப் பார்த்தால், எந்தத் தேதியில் தொற்றிய கொசுக்களுக்குத் தம் ஆயுளுக்குள் கடிகாரம் முடிகிறது என்று தெரியும். பருவத்தின் அபாய வாசல் திறப்பது அந்தத் தேதியில்.

இதே கணக்கை மறுகோடிக்கு இழுக்கக் கூடாது. 36, 38 பாகை வரும் நண்பகல்களில் இந்த நேர்கோடு பொய் சொல்லும். அது 30 பாகைக்குள் பொருத்திய கோடு. வெப்பமான ஊரில் ஆட்டம் கூடுவது அபாயத்தைக் குறைக்கவும் செய்யலாம். டெங்குவில் இது 2011-இல் காட்டப்பட்டது: சராசரி 18 பாகைக்குக் கீழே இருந்தால் பகலிரவு ஆட்டம் கடத்தலைக் கூட்டுகிறது, மேலே இருந்தால் குறைக்கிறது.

வெப்பமானியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. வானிலை நிலையத்தின் எண் திறந்த வெளிக் காற்றுக்கு உரியது. கியூலெக்ஸ் பகலை மழைநீர்க் குழாயிலும் பாலத்தடியிலும் கட்டடங்களின் அடித்தளத்திலும் கழிக்கிறது. அங்கே நண்பகல் சூடு குறைவு, இரவுக் குளிரும் குறைவு. கொசு ஓய்வெடுக்கும் இடத்தில் நிழலில் ஒரு பதிவுக்கருவியை வைத்து மணிக்கொருமுறை இரண்டு வாரம் பதிந்து, நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் திருத்த வேண்டிய அளவு கையில் கிடைக்கும்.

நான்கு நாள் முந்திய வைரஸ்

1999-இல் வந்த வைரஸ் இன்று அமெரிக்காவில் சுற்றும் வைரஸ் அல்ல. 2001, 2002 வாக்கில் அதன் உறைப் புரதத்தில் 159-ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் அலனினாக மாறிய வகை தென்பட்டது. அதற்கு WN02 என்று பெயர். 2004-க்குள் அது பழைய NY99 வகையை ஓரங்கட்டிவிட்டது. பறவைகளில் அது அதிக வீரியம் காட்டியதால் அல்ல. கியூலெக்ஸ் கொசுக்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது புதியது 4 நாள் வரை முன்னதாக உமிழ்நீருக்கு வந்தது.

நான்கு நாள் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. 0.85-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.52. அதாவது பழைய வைரஸைச் சுமந்த கொசுக்களில் ஏறத்தாழப் பாதி, அந்தக் கூடுதல் நான்கு நாளில் செத்துப்போகும். கடத்துதிறனில் ஒரு புள்ளிகூட ஏறாமல், கடத்தும் கொசுக்களின் எண்ணிக்கை 1.9 மடங்காகிவிடுகிறது. இரண்டு நாள் முந்தினாலே 1.4 மடங்கு. 2008-இல் வெளியான ஆய்வு, வெப்பம் ஏற ஏறப் புதிய வகையின் முன்னிலையும் கூடுகிறது என்று காட்டியது. உச்சவரம்பை மட்டும் ஒப்பிட்டு, 14-ஆம் நாள் இரண்டும் சமம் என்று எழுதியிருந்தால் இந்த இடப்பெயர்ச்சியின் காரணம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

இதே காரணத்தால் பாதிக் கொசுக்கள் தயாராகும் நாளை ஒரு கதவுபோல் வைப்பதும் சறுக்கும். 26 பாகையில் அந்த நாள் 9.3. ஆனால் சில கொசுக்கள் 6-ஆம் நாளிலேயே தயாராகிவிடும். 6 நாள் பிழைப்பது 1000-க்கு 377, 9.3 நாள் பிழைப்பது 220. முந்தியவை சிலவே ஆனாலும், ஒவ்வொன்றுக்கும் 1.7 மடங்கு எடை. தரவு இருந்தால், ஒவ்வொரு நாளும் புதிதாகத் தயாராகும் பங்கை அந்த நாள்வரை பிழைக்கும் பங்கோடு பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் வரும் விடை, ஒற்றை நாளை வைத்துப் போட்டதைவிடப் பொதுவாகக் கொஞ்சம் மேலே இருக்கும்.